பெடோமீட்டர் காட்டுற கிலோமீட்டர் தப்பா வருதா? தப்பு ஸ்டெப்லயா நீளத்துலயான்னு பிரிச்சுப் பாக்குற வழி

கூட நடக்குறவங்க யாராவது "இன்னைக்கு ஏழு கிலோமீட்டர்"னு சொல்லுவாங்க, அதே ரோட்ல அவங்க பக்கத்துலயே நடந்த ஆளுக்கு ஆறு கூட காட்டியிருக்காது, உடனே மெஷின் சரியில்லன்னு முடிவு பண்ணிருவாங்க. நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல மெஷின் மேல தப்பே இருக்காது, உள்ள போட்டு வச்சிருக்குற ஏதோ ஒரு நம்பர்ல தான் கோளாறு இருக்கும். அதனால அடிக்கடி வர்ற கோளாறுகள அறிகுறி வாரியா எழுதிட்டேன், உங்களுக்கு எது பொருந்துதோ நேரா அங்க போயிருங்க.

ஆனா அதுக்கு முன்னாடி ஒன்னு. ஜிபிஎஸ் போடாம வெறும் ஸ்டெப்ப வச்சு தூரம் சொல்ற எந்த ஆப்பா இருந்தாலும் அது தூரத்த அளக்கல, ரெண்டு நம்பர பெருக்குது, அவ்வளவுதான்.

```
ஸ்டெப் நீளம் (செ.மீ) = உயரம் (செ.மீ) × 0.415   ஆண்
ஸ்டெப் நீளம் (செ.மீ) = உயரம் (செ.மீ) × 0.413   பெண்
தூரம் (கி.மீ) = ஸ்டெப் எண்ணிக்கை × ஸ்டெப் நீளம் ÷ 100000
```

170 சென்டிமீட்டர் உயரம்னா ஸ்டெப் நீளம் சுமார் 70 சென்டிமீட்டர், 10,000 ஸ்டெப்புக்கு ஏழு கிலோமீட்டர். எல்லா ஆப்பும் இதே நம்பரத்தான் போடுதுன்னு இல்ல, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆனா உயரத்த கேட்டு வாங்குற ஆப் எல்லாம் ஏறக்குறைய இதே கணக்கத்தான் போடும். ஆக தூரம் தப்புன்னா ஒன்னு எண்ணிக்கை தப்பு, இல்ல நீளம் தப்பு, இல்ல ரெண்டும் தப்பு. எது தப்புன்னு தெரியாம செட்டிங்ஸ்ல கைய வச்சா கத சிக்கலாயிரும், ஏன்னு கீழ ஒரு கேஸ்ல சொல்றேன்.

## எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இந்த ரெண்டு செக்

செக் 1: உங்க மெஷின் என்ன நீளம் போட்டு பெருக்குதுன்னு வெளிய எடுக்குறது. நேத்து முழு நாளோட ஸ்டெப்பையும் கிலோமீட்டரையும் எடுத்துக்கோங்க, கிலோமீட்டர 100000 ஆல பெருக்கி ஸ்டெப்பால வகுங்க. 9,000 ஸ்டெப்புக்கு 6.2 கிலோமீட்டர் காட்டியிருந்தா 69 சென்டிமீட்டர் வரும், அதுதான் அது உங்களுக்கு வச்சிருக்குற நீளம். முழு நாள் கணக்க ஏன் எடுக்கச் சொல்றேன்னா, சின்ன தூரத்துல 0.4ன்னு ரவுண்டு பண்ணிக் காட்டும், அத வகுத்தா வர்ற விடைய நம்ப முடியாது. இதே மாதிரி இன்னொரு நாளுக்கும் பண்ணிப் பாருங்க. ரெண்டு நாளும் ஒரே நம்பர் வந்தா ஒரே நீளத்த நிலையா வச்சு பெருக்குதுன்னு அர்த்தம், மாறி மாறி வந்தா உங்க வேகத்தப் பாத்தோ ஜிபிஎஸ்ஸ வச்சோ அதுவா நீளத்த மாத்திக்குதுன்னு அர்த்தம்.

செக் 2: 100 ஸ்டெப் எண்றது. நீங்க வழக்கமா எங்க வச்சுக்குவீங்களோ அங்கயே மெஷின வச்சுக்கிட்டு, இப்ப காட்டுற நம்பர குறிச்சுக்கிட்டு, நிக்காம, பேசாம, மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு சரியா 100 ஸ்டெப் நடங்க. வலது கால் ஒன்னு, இடது கால் ரெண்டு, இப்படி. நின்னதும் ஒரு அரை நிமிஷம் பொறுத்துட்டு நம்பரப் பாருங்க, சில ஆப் மெதுவாத்தான் அப்டேட் பண்ணும். 97ல இருந்து 103க்குள்ள வந்தா எண்ணிக்கை நல்லாருக்கு. பத்து இருபது ஸ்டெப் மட்டும் நடந்து பாத்துட்டு "எண்ணவே இல்ல"ன்னு சொல்லாதீங்க, பல பெடோமீட்டர் முதல் சில ஸ்டெப்ப பொறுத்துப் பாத்துட்டு, இது நடைதான்னு உறுதியான அப்புறம் தான் எண்ணவே ஆரம்பிக்கும்.

இந்த ரெண்டு விடையையும் கையில வச்சுக்கிட்டு கீழ வாங்க.

## அறிகுறி: தூரம் ரெண்டு மடங்கா வருது

இது இருக்குறதுலயே சுலபமான கோளாறு, காசு செலவே இல்ல. செக் 1ல வந்த நீளம் 130, 140 சென்டிமீட்டர் மாதிரி இருக்கா? அப்ப யாரோ ஸ்ட்ரைடு நீளத்த ஸ்டெப் நீளத்துக்கான கட்டத்துல போட்டிருக்காங்க. ஸ்டெப்னா ஒரு குதிகால்ல இருந்து அடுத்த கால் குதிகால் வரைக்கும், ஸ்ட்ரைடுன்னா அதே கால் மறுபடி தரையில படுற வரைக்கும், அதாவது ரெண்டு ஸ்டெப். கொடுமை என்னன்னா நிறைய ஆப் ஸ்ட்ரைடு லென்த்னு எழுதி வச்சுக்கிட்டு கேக்குறது ஸ்டெப் நீளத்த. பிசியோதெரபி கிளினிக்ல நடைய அளந்து குடுத்த ரிப்போர்ட்ல இருக்குற ஸ்ட்ரைட அப்படியே கொண்டு வந்து போட்டா தூரம் ரெண்டு மடங்காயிரும். பேரப் பாக்காதீங்க, நம்பரப் பாருங்க. உங்க உயரத்துல பாதிக்கும் கொஞ்சம் கம்மியா இருந்தா அது ஸ்டெப், உயரத்துல முக்காலுக்கு மேல இருந்தா அது ஸ்ட்ரைடு.

செக் 1ல நீளம் ஒழுங்கா 65, 70ன்னு வந்து, ஆனாலும் தூரம் ரெண்டு மடங்குன்னா, எண்ணிக்கைதான் ரெட்டிப்பாகுது. போனும் எண்ணுது, வாட்ச்சும் எண்ணுது, ரெண்டும் ஒரே ஆப்புக்குள்ள வந்து கூட்டிக்குது. வாட்ச்ச கழட்டி வச்சுட்டு போன மட்டும் வச்சுக்கிட்டு ஒரு 100 ஸ்டெப், அப்புறம் போன வச்சுட்டு வாட்ச்சோட ஒரு 100. தனித்தனியா ஒழுங்கா வந்து, சேந்து போனா 200 பக்கம் வந்தா ஆப்ல டேட்டா எங்கிருந்து எடுக்குதுங்கிற செட்டிங்ஸுக்குப் போய் ஒன்ன அணைச்சிருங்க.

## அறிகுறி: தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல கூடுது, இல்ல முப்பத்தஞ்சு நாப்பது சதவீதம் குறையுது

உண்மையான தூரத்தால காட்டுற தூரத்த வகுத்தா 1.6 பக்கம் வருதா, இல்ல 0.62 பக்கம் வருதா? கிலோமீட்டரும் மைலும் குழம்பிக் கிடக்கு. 5 கிலோமீட்டர் நடந்தா 3.1 மைல். பெரும்பாலும் மெஷின் மைல்ல காட்டுறத கிலோமீட்டர்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. யூனிட்ட மாத்துனா முடிஞ்சுது. யூனிட்ட மாத்துனதும் சில பழைய கிளிப் டைப் மெஷின்ல ஸ்டெப் நீளம் இன்ச்சுக்கு மாறிக்கும், அதனால அதையும் ஒரு தடவ திறந்து பாத்துருங்க.

## அறிகுறி: செக் 1ல வந்த நீளம் உங்க உயரத்துக்குப் பொருந்தல

உயரத்த 0.414 ஆல பெருக்கிப் பாருங்க, செக் 1 நம்பர் அதுல இருந்து ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு மேல தள்ளி இருக்குன்னா உள்ள இருக்குற உயரம் தப்பு. புரொஃபைல்ல உயரமே போடாம விட்டிருந்தா சில ஆப் அதுவா ஏதோ ஒரு சராசரி உயரத்த எடுத்துக்கும், மொதல்ல அதப் பாருங்க.

அடுத்தது புள்ளி வச்சு எழுதுற பழக்கம். அஞ்சடி ஆறு அங்குலத்த நாம 5.6ன்னு தான் எழுதுவோம், அத டெசிமல் அடியா எடுத்துக்குற கட்டத்துல போட்டா 167.6 சென்டிமீட்டர் இருக்குறவர் 170.7 ஆயிருவாரு. இது பரவால்ல, ரெண்டு சதவீதம் கூட இல்ல. அஞ்சடி பத்து அங்குலக்காரர் 5.10ன்னு போட்டா தான் கூத்து. கம்ப்யூட்டருக்கு 5.10ம் 5.1ம் ஒன்னு, 177.8 சென்டிமீட்டர் ஆள் 155.4 சென்டிமீட்டரா சுருங்கிருவாரு, 74 சென்டிமீட்டர் போடுற காலுக்கு 64 தான் கணக்கு வரும், தினமும் எட்டுல ஒரு பங்கு தூரம் காணாமப் போகும். நல்லா வளந்த ஆள் "எனக்கு மட்டும் கம்மியா காட்டுது"ன்னு புலம்புனா நான் முதல்ல திறக்கச் சொல்றது இந்தக் கட்டத்தத்தான். எக்செல்ல சொந்தமா கணக்கு போடுறவங்களுக்கும் இதே கண்ணி உண்டு, அதனால அடி அங்குலத்த தனித்தனி செல்லுல போடுங்க, A2ல அடி, B2ல அங்குலம், C2ல ஸ்டெப்:

```
=(A2*12+B2)*2.54*0.414*C2/100000
```

ஆண் பெண்ணுங்கிற கட்டத்த மாத்தி மாத்திப் பாக்குறவங்க இருக்காங்க. அதுல ஒன்னும் ஆகாது. 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு 0.415க்கும் 0.413க்கும் நடுவுல வித்தியாசம் மூணு மில்லிமீட்டர், 10,000 ஸ்டெப் நடந்தாலும் 33 மீட்டர் தான் மாறும். மேல எக்செல்ல 0.414ன்னு ஒரே நம்பரப் போட்டது அதனாலதான்.

## அறிகுறி: 100 ஸ்டெப் நடந்தா 85 தான் எண்ணுது, இல்ல உக்காந்திருந்தாலே எண்ணுது

கம்மியா எண்ணுனா முதல்ல எங்க வச்சிருக்கீங்கன்னு பாருங்க. தோள்ல தொங்குற பையில, கைப்பைக்குள்ள கிடக்குற போனுக்கு காலோட அசைவு ஒழுங்கா போய்ச் சேராது. பேன்ட் முன் பாக்கெட்டுக்கு மாத்தி மறுபடி 100 எண்ணிப் பாருங்க. வாட்ச்னா கை வீசணும், அதனால தள்ளுவண்டியோ குழந்தை வண்டியோ தள்ளிக்கிட்டு நடந்தா, ட்ரெட்மில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நடந்தா, ரெண்டு கையிலயும் சாமான் தூக்குனா எண்ணிக்கை விழும். இடுப்புல மாட்டுற பழைய ஸ்பிரிங் டைப் பெடோமீட்டர் செங்குத்தா நிக்கணும், தொப்பை தள்ளி அது சாஞ்சு கெடந்தா உள்ள இருக்குற நெம்புகோல் சரியா ஆடாது, அந்த மாதிரி இருக்குறவங்க அத பக்கவாட்டுல, இடுப்பெலும்புக்கு மேல மாட்டுனா சரியா வரும்.

வேகமும் ஒரு காரணம். ரொம்ப மெதுவா, மணிக்கு மூணு கிலோமீட்டருக்கும் கீழ நடக்கும்போது அதிர்வு கம்மியா இருக்குறதால நிறைய மெஷின் தடுமாறும். வயசானவங்களுக்கு எண்ணிக்கை கம்மியா வந்தா பாதி நேரம் இதுதான். ஆப்ல சென்சிட்டிவிட்டின்னு ஒன்னு இருந்தா கூட்டி வச்சுப் பாக்கலாம், ஆனா அப்படிக் கூட்டுனா வண்டில போகும்போது வர்ற ஆட்டத்தையும் சேத்து எண்ண ஆரம்பிச்சிரும். அதிகமா எண்ணுறதுக்கும் காரணம் பெரும்பாலும் அதேதான், குண்டும் குழியுமா இருக்குற ரோட்ல பைக்ல போறது, கைய ஆட்டி ஆட்டி செய்ற வேலை. ஸ்டெப்ப மணி வாரியா காட்டுற கிராஃப் இருந்தா திறந்து பாருங்க, நீங்க வண்டில இருந்த நேரத்துல ஒரு மேடு தெரியும்.

போன் 100 ஸ்டெப் டெஸ்ட்ல பாஸ் ஆகுது, ஆனா நாள் கணக்கு மட்டும் கம்மியா இருக்குன்னா, பேட்டரிய மிச்சம் பிடிக்கிறேன்னு போன் அந்த ஆப்ப பின்னாடி தூங்க வச்சிருது. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்ட எடுத்து விட்டுட்டு, உடல் அசைவ படிக்கிறதுக்கான பெர்மிஷன் இருக்கான்னு பாத்துருங்க. கிளிப் டைப்ல டிஸ்பிளே மங்கலா இருந்தா பட்டன் பேட்டரிய மாத்துங்க. இதெல்லாம் பண்ணியும் தேறலன்னா தான் மெஷின்.

## அறிகுறி: உயரம் சரி, எண்ணிக்கை சரி, ஆனாலும் தூரம் எப்பவும் ஒரே பக்கமா தப்பு

இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

உயரத்துல இருந்து வர்ற நீளம் ஒரு சராசரி. அதே உயரத்துல பத்து பேர நடக்க விட்டா பத்தும் வேற வேற வரும். கால் நீளம், உடம்போட நீளம், வயசு, மூட்டு வலி, செருப்பு, எல்லாத்துக்கும் மேல நடக்குற வேகம், எதுவுமே அந்த 0.414க்குத் தெரியாது. நிதானமா நடக்குறவங்களுக்கு அது கூடுதலா காட்டும், வெரசா நடக்குறவங்களுக்கு கம்மியா காட்டும்.

எங்க கூட நடக்குற ஒரு அம்மாவோட கணக்க அப்படியே தர்றேன். உயரம் 160 சென்டிமீட்டர், நிதானமான நட. போன கைப்பைல வச்சுக்கிட்டு 400 மீட்டர் டிராக்க ஒரு சுத்து வந்தாங்க. போன் 640 ஸ்டெப், 0.42 கிலோமீட்டர்னு காட்டுச்சு. இருபது மீட்டர் தானே கூட, இது பெரிய தப்பா, விடுங்கன்னு சொன்னாங்க. அடுத்த சுத்து நான் கூடவே நடந்து அவங்க ஸ்டெப்ப வாய்விட்டு எண்ணுனேன், 690 வந்துச்சு. அப்ப நிஜ ஸ்டெப் நீளம் 400 மீட்டர 690 ஆல வகுத்தா 58 சென்டிமீட்டர். போன் போட்டது 160 பெருக்கல் 0.413, அதாவது 66. எண்ணிக்கை ஏழு சதவீதம் கம்மி, நீளம் பதினாலு சதவீதம் கூட, ஒன்ன ஒன்னு பாதி மறைச்சுக்கிட்டு நின்னதுல வெளிய தெரிஞ்சது இருபது மீட்டர் மட்டும்.

எண்ணிக்கைய சரி பண்றதுக்கு போன பாக்கெட்டுக்கு மாத்தச் சொன்னேன். இப்ப 688 எண்ணுச்சு, சூப்பர். ஆனா தூரம் 0.45 ஆயிருச்சு. "நீ கை வச்சதுல இன்னும் கெட்டுப்போச்சு"ன்னு திட்டு விழுந்துச்சு, அவங்க சொன்னதுலயும் நியாயம் இருக்கு, தூரத்த மட்டும் பாத்தா அப்படித்தான் தெரியும். அப்புறம் ஆப்ல உயரத்துல இருந்து கணக்கு போடுறத எடுத்துட்டு ஸ்டெப் நீளம் 58ன்னு கையால போட்டோம், அடுத்த சுத்து 688 பெருக்கல் 58, 399 மீட்டர். நாளுக்கு 7,000 ஸ்டெப் நடந்தா பழைய நீளத்துல 4.6 கிலோமீட்டர், புது நீளத்துல 4.1. நிஜம் 4.1 தான்.

இதனாலதான் எண்ணிக்கைய முதல்ல முடிங்க, நீளத்த அப்புறம் தொடுங்கன்னு சொல்றது. கைப்பையில இருந்தபடியே 400ஐ 640 ஆல வகுத்து 62.5ன்னு போட்டிருந்தாலும் அன்னைக்கு தூரம் சரியாத்தான் வந்திருக்கும், ஆனா பைய மாத்துன அன்னைக்கு, இல்ல போன கையில வச்சுக்கிட்ட அன்னைக்கு மறுபடி தப்பாயிரும்.

### உங்க ஸ்டெப் நீளத்த நீங்களே அளக்குறது

டிராக் கிடைச்சா அதுதான் பெஸ்ட். ஆனா 400 மீட்டர்ங்கிறது உள்பக்கம் இருக்குற முதல் லேனுக்கு மட்டும். நடக்குறவங்கள ஓரமா போங்கன்னு தான் பெரும்பாலும் விடுவாங்க, எட்டாவது லேன்ல ஒரு சுத்து 453 மீட்டர், அத 400ன்னு வச்சு வகுத்தா உங்க நீளம் எட்டுல ஒரு பங்கு கம்மியா வந்து தொலையும். ரெண்டாவது லேன் 407 மீட்டர், அது பெருசா பாதிக்காது. ரெண்டு சுத்து எண்ணி சராசரி எடுத்தா போதும். எண்ணும்போது கணக்கு தவறாம இருக்க ஒவ்வொரு நூறுக்கும் ஒரு விரல மடக்கிக்கோங்க.

டிராக் இல்லன்னா அளவு டேப். சமமான தரையில ஒரு கோடு போட்டுட்டு, கோட்டுக்கு அஞ்சாறு ஸ்டெப் பின்னாடி இருந்தே நடந்து வாங்க, நின்ன இடத்துல இருந்து கிளம்புற முதல் ஸ்டெப் எல்லாம் சின்னதா இருக்கும். கோட்டுல எந்தக் குதிகால் படுதோ அத பூஜ்யம்னு எண்ணணும், ஒன்னுன்னு எண்ணக் கூடாது, அடுத்த கால் தான் ஒன்னு. இருபதாவது குதிகால் படுற இடத்த குறிச்சு, தூரத்த அளந்து இருபதால வகுங்க. கோட்டுல பட்ட கால ஒன்னுன்னு எண்ணிட்டா பத்தொம்போது இடைவெளிய இருபதால வகுத்த மாதிரி ஆகி அஞ்சு சதவீதம் ஓடிப்போகும்.

இதுல இன்னொரு தொல்லை, அளக்குறோம்னு தெரிஞ்சா எல்லாரும் விறைப்பா, கால நீட்டி நீட்டி நடப்பாங்க. மூணு நாலு தடவ நடந்து அலுத்துப் போன அப்புறம் வர்ற நம்பரத்தான் நான் எடுத்துக்குவேன்.

## அறிகுறி: காலைல நடந்தா சரி, நாள் மொத்தம் பாத்தா தப்பு

நீளத்த அளந்து போட்டாச்சு, டிராக்ல கரெக்டா வருது, ஆனா ராத்திரி மொத்த தூரம் நம்புற மாதிரி இல்ல. கோளாறே இல்ல இதுல, ஒரே நீளத்த எல்லா ஸ்டெப்புக்கும் போட்டதோட விளைவு. வீட்டுக்குள்ள, ஆபீஸுக்குள்ள வைக்கிறது எல்லாம் குட்டி ஸ்டெப், ரெண்டு எட்டு வச்சு திரும்பி நின்னு மறுபடி ரெண்டு. ஒரு பேச்சுக்கு 9,000 ஸ்டெப்ல 5,000 வெளிய 70 சென்டிமீட்டர், 4,000 உள்ள 45 சென்டிமீட்டர்னு வச்சா மொத்தம் 5.3 கிலோமீட்டர், மெஷின் எல்லாத்துக்கும் 70 போட்டு 6.3ன்னு காட்டும். ஒரு முழு கிலோமீட்டர் காத்துல வந்தது.

இதுக்கு மெஷின்ல ஒன்னும் பண்ண முடியாது. தூரம் முக்கியம்னா நடைக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஸ்டெப்ப குறிச்சு அந்த வித்தியாசத்துக்கு மட்டும் தூரம் கணக்கு போடுங்க, மிச்சத்த ஸ்டெப்பாவே விட்டுருங்க.

நாளுக்கு நாள் மாறுதுன்னா வேகத்தப் பாருங்க. தனியா வெரசா நடந்த அன்னைக்கும் குழந்தையோட கைய பிடிச்சுக்கிட்டு நடந்த அன்னைக்கும் ஒரே ஆளுக்கு பத்து சென்டிமீட்டர் கூட மாறும். நடுவுல ஓடுறவங்க இந்தக் கணக்க ஓட்டத்துக்கு வச்சுக்கவே வேண்டாம், ஓடும்போது ரெண்டு காலும் தரைய விட்டு எழும்புது, நீளம் எங்கயோ போயிரும். 0.414 நடைக்கு மட்டும்.

## அறிகுறி: ஜிபிஎஸ் ஒன்னு சொல்லுது, ஸ்டெப் கணக்கு ஒன்னு சொல்லுது

ஜிபிஎஸ்ன்னா கரெக்டுன்னு உடனே அந்தப் பக்கம் சாயாதீங்க. ரெண்டு பக்கமும் உயரமான கட்டடம், அடர்த்தியான மரம் இருக்குற இடத்துல புள்ளி அங்கயும் இங்கயும் தாவும், தூரம் கூடும். நின்னுக்கிட்டு இருந்தாலும் சில சமயம் கொஞ்சம் கொஞ்சமா கூடிக்கிட்டே இருக்கும். சின்ன பார்க்க சுத்தி சுத்தி வந்தா வளைவ வெட்டி நேர்கோடு போட்டு குறைச்சும் காட்டும். ஆப்ல போன பாதை வரைபடத்த திறந்து பாருங்க, கோடு கட்டடத்துக்குள்ள புகுந்து போயிருந்தா அந்த நாள் கணக்க தூக்கிப் போடுங்க.

திறந்த வெளியில, நேரான ரோட்ல, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நடந்தா ஜிபிஎஸ் நல்லாவே வரும். டிராக்கும் டேப்பும் இல்லாதவங்க அந்த தூரத்த ஸ்டெப்பால வகுத்து நீளத்த எடுத்துக்கலாம். சில வாட்ச் ஜிபிஎஸ்ஸோட ஒரு இருபது நிமிஷம் நடந்தா அதுவாவே உங்க நீளத்த கத்துக்கும், அந்த மாதிரி வாட்ச்ச ரீசெட் பண்ணா, புதுசு மாத்துனா, கத்துக்கிட்டது போயிரும், மறுபடி உயரத்த வச்சு ஆரம்பிக்கும். போன வாரம் வரைக்கும் சரியா இருந்துச்சு இப்ப திடீர்னு தப்புங்கிறவங்க, நடுவுல ரீசெட் எதுவும் ஆச்சான்னு யோசிங்க.

## எப்ப அடுத்தவங்ககிட்ட போகணும்

100 ஸ்டெப் டெஸ்ட்ட முன் பாக்கெட், இடுப்பு, கைன்னு மூணு இடத்துலயும், மெதுவா ஒரு தடவ வழக்கமான வேகத்துல ஒரு தடவன்னு பண்ணியும் எங்கயுமே 95ஐ தாண்டலன்னா, இல்ல ஒரே இடத்துல ஒரு தடவ 98 அடுத்த தடவ 70ன்னு குதிச்சா, சென்சார் போயிருக்கலாம். போன்னா வேற ஒரு ஸ்டெப் ஆப்ப போட்டு அதே டெஸ்ட்ட பண்ணுங்க, அதுலயும் குதிச்சா தான் சர்வீஸ் சென்டர். கேரன்டி இருக்குற வாட்ச்னா டெஸ்ட் நம்பரை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போங்க, "தப்பா காட்டுது"ன்னு மொட்டையா சொன்னா ரீசெட் பண்ணி குடுத்து அனுப்பிருவாங்க. சாதாரண கிளிப் டைப்ப ரிப்பேருக்கு குடுக்குறது வீண், வேற வாங்கிருங்க.

டாக்டர்கிட்ட போக வேண்டிய கேஸும் உண்டு. மெஷின்ல ஒரு குறையும் இல்ல, அதே டிராக், அதே லேன், வேகத்த வேணும்னு குறைக்கவும் இல்ல, ஆனா போன தடவ 600 ஸ்டெப்ல முடிஞ்ச சுத்துக்கு சில மாசம் கழிச்சு 680, 700ன்னு ஆகுதுன்னா ஸ்டெப் நிஜமாவே சுருங்குது. கூடவே கால தேய்ச்சு நடக்குறது, ஒரு கால் ஸ்டெப் மட்டும் குட்டையா விழுறது, திரும்பும்போது தடுமாறுறது இருந்தா, ஆப்ல நீளத்த குறைச்சு சரிக்கட்டிட்டு போயிராதீங்க. ஒரு சுத்துக்கு எத்தன ஸ்டெப்புங்கிறத தேதியோட எழுதி எடுத்துக்கிட்டு டாக்டரப் பாருங்க, தேவப்பட்டா பிசியோதெரபிஸ்ட்டுக்கு அவங்களே அனுப்புவாங்க. ஒரு வாரத்துக்குள்ள திடீர்னு இப்படி மாறுனா அடுத்த சுத்து எண்ணிப் பாக்கலாம்னு காத்திருக்காம அன்னைக்கே போயிருங்க.